செல்பிப் ஸ்பீக்கிங்: எதிரே ஆள் இல்லாதபோது இயல்பாகப் பேசுவது

கேள்வி: கனடா பி.ஆருக்காக செல்பிப் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறேன். மற்ற மூன்றிலும் ஒன்பது வந்துவிட்டது, ஸ்பீக்கிங் மட்டும் எட்டிலேயே நிற்கிறது. ஆளோடு பேசும்போது நன்றாகத்தான் வருகிறது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. இயல்பாகப் பேச என்ன வழி?

பதில்:

அறையில் ஆள் இல்லையே தவிர, செல்பிப்பில் உங்கள் குரலைக் கேட்பவர்கள் ஆட்கள்தான். நீங்கள் பேசியது பதிவாகி, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களிடம் போகிறது. ஒருவர் மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. பியர்சன் நடத்தும் பிடிஇ தேர்வு வேறு மாதிரி. அங்கே மதிப்பிடுவது பெரும்பாலும் மென்பொருள், மூன்று வினாடி மௌனமாக இருந்தால் மைக்கும் மூடிக்கொள்ளும். அதனால் பிடிஇக்குப் பயிற்சி எடுத்தவர்கள் மூச்சு விடாமல், ஒரே சுருதியில், நிற்காமல் ஓடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு செல்பிப்புக்கு வந்தால், ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கும் மனிதருக்கு அது ஒப்பிப்பதாகத்தான் கேட்கும். யூடியூபில் கிடைக்கும் 'டெம்ப்ளேட்'களில் பாதி இந்த இரண்டு தேர்வையும் ஒன்றாகக் குழப்புகிறவை. அவற்றை முதலில் ஒதுக்கிவையுங்கள்.

மதிப்பீட்டாளர் நான்கு தலைப்பில் பார்க்கிறார்: கருத்தும் அதன் கோர்வையும், சொல்வளம், கேட்பதற்கு எளிதாக இருப்பது, கேட்ட வேலையைச் செய்து முடித்திருப்பது. மூன்றாவது தலைப்புக்குள் ஓட்டம், உச்சரிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், எங்கே நிறுத்துகிறீர்கள், தடுமாறினால் எப்படித் திருத்திக்கொள்கிறீர்கள், வாக்கியங்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதெல்லாம் வருகிறது. நான்காவதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு சொல் இருக்கிறது: தொனி. நண்பனிடம் பேசும் தொனியும் மேலாளரிடம் பேசும் தொனியும் ஒன்றாக இருந்தால் அங்கே மதிப்பெண் குறையும். ஆகவே நீங்கள் கேட்கும் 'இயல்பு' இந்தத் தேர்வில் இரண்டு தலைப்புகளில் நேரடியாக எண்ணப்படுகிறது. எட்டில் நிற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில அறிவு போதாமல் இருப்பதில்லை. இந்த இரண்டு தலைப்பில்தான் கசிகிறது.

ஏன் கசிகிறது என்று பார்ப்போம். நேரில் பேசும்போது எதிரே இருப்பவர் 'ம்' கொட்டுகிறார், புருவம் உயர்த்துகிறார், தலையாட்டுகிறார். நீங்கள் எங்கே நிற்க வேண்டும், எதை விளக்க வேண்டும், எப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை அவர் முகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் அது நின்றுபோகிறது. அந்த இடத்தை டைமர் பிடித்துக்கொள்கிறது. உடனே மூன்று மாற்றங்கள் நடக்கும்: முதல் பத்து வினாடி வழக்கத்தைவிட வேகமாக ஓடுவீர்கள், குரல் தட்டையாகும், கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுவதுபோலப் பேச ஆரம்பிப்பீர்கள். மூன்றாவதுதான் மற்ற இரண்டுக்கும் வேர்.

இதற்கான மருந்து கேள்வியிலேயே இருக்கிறது. எட்டுப் பணிகளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் பணியில் தெரிந்த ஒருவருக்கு அறிவுரை சொல்கிறீர்கள். மூன்றாவதில் படத்தை விவரிக்கிறீர்கள், அதில் 'நீங்கள் பேசும் ஆளால் படத்தைப் பார்க்க முடியாது' என்று எழுதியே இருக்கிறது. ஐந்தாவதில் ஒருவரை உங்கள் தேர்வுக்கு இணங்க வைக்கிறீர்கள். ஆறாவதில் ஒரு சங்கடமான விஷயத்தை ஒருவரிடம் நேரடியாகச் சொல்கிறீர்கள். எட்டாவதில் விசித்திரமான ஒன்றைப் பார்த்துவிட்டு ஒருவருக்கு விவரிக்கிறீர்கள். எட்டில் ஐந்தில் கேட்பவர் யார் என்பதைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது. மிச்சம் இரண்டு, நான்கு, ஏழு: சொந்த அனுபவம், படத்தில் அடுத்து என்ன நடக்கும், உங்கள் கருத்து. அந்த மூன்றுக்கு மட்டும் ஒரு ஆளை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் உங்கள் வயதை ஒத்த, தமிழ் தெரியாத ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் அதே ஆள் போதும்.

ஆள் மனதில் இருந்தால் தொனி எப்படி மாறும் என்பதை ஒரு பணியில் முழுக்கப் பார்த்துவிடலாம். ஆறாவதை எடுத்துக்கொள்கிறேன், பலரும் சறுக்கும் இடம் அது. தயாராக 60 வினாடி, பேச 60 வினாடி. கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: சனிக்கிழமை வீடு மாறும் நண்பருக்கு உதவுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதே நாள் வேலைக்கு வரும்படி மேலாளர் கேட்கிறார். ஒன்று, நண்பரிடம் பேசி வர முடியாததை விளக்குங்கள். அல்லது மேலாளரிடம் பேசி வேலைக்கு வர முடியாததை விளக்குங்கள்.

இரண்டில் எது என்பதை ஐந்து வினாடிக்குள் முடிவு செய்துவிடுங்கள். எது சரியான முடிவு என்று யாரும் பார்ப்பதில்லை. எதில் உங்களுக்குப் பேச அதிகம் இருக்கிறதோ அதுவே போதும். நண்பர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு பெயர் கொடுங்கள், மார்க். மிச்சம் இருக்கும் நேரத்தில் தாளில் நான்கு துண்டுகள் மட்டும் எழுதுங்கள்: 'ஷிஃப்ட், இருவர் ஜுரம்', 'ட்ரக் புக் ஆகிவிட்டது', 'தம்பி வேன்', 'ஞாயிறு கட்டில்'. வாக்கியமாக எழுதாதீர்கள். வாக்கியம் தாளில் இருந்தால் கண் அதன்மேல் போகும், கண் போனால் குரல் வாசிக்கிற குரலாகிவிடும். அந்த வித்தியாசம் கேட்பவருக்கு இரண்டே வினாடியில் தெரிந்துவிடும்.

எட்டில் நிற்கும் பதில் வழக்கமாக இப்படித் தொடங்கும்: 'இன் திஸ் சிச்சுவேஷன், ஐ வுட் லைக் டு டாக் டு மை ஃப்ரெண்ட் அபவுட் திஸ் இஷ்யூ. ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்...' இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் பத்து வினாடி போய்விட்டது, மார்க்கிடம் இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. தேர்வு நடத்துகிறவருக்கு அறிக்கை வாசித்திருக்கிறீர்கள்.

மார்க் எதிரே இருந்தால் தொடக்கம் வேறு: 'ஹே மார்க், காட் அ மினிட்? இட்'ஸ் அபவுட் சாட்டர்டே.' இங்கே ஒரு சின்ன நிறுத்தம், அவர் 'என்ன விஷயம்' என்று நிமிர்ந்து பார்ப்பதற்கான இடைவெளி. இதுவரை ஐந்து வினாடி. அடுத்து செய்தியும் காரணமும், பதினைந்து வினாடி: 'ஐ ஹேட் டு டூ திஸ் டு யூ, பட் ஐ கான்ட் மேக் இட்.' எங்கள் குழுவில் இருவருக்கு ஜுரம், நேற்று ராத்திரி மேலாளர் கூப்பிட்டார், முதலில் முடியாது என்றேன், வேறு ஆளே இல்லை என்றார். காரணம் இவ்வளவு குறிப்பாக இருக்க வேண்டும். 'அவசர வேலை வந்துவிட்டது' என்று பொதுவாகச் சொன்னால் கருத்துத் தலைப்பிலும் குறையும், கேட்கவும் சாக்குப்போக்குபோல இருக்கும்.

அடுத்த பத்து வினாடிதான் இந்தப் பதிலின் உயிர். மார்க் இங்கே ஏதாவது சொல்லியிருப்பார். அவர் சொன்னது உங்கள் பேச்சில் தெரிய வேண்டும்: 'ஐ நோ, ஐ நோ, யூ'வ் ஆல்ரெடி புக்ட் த ட்ரக், அண்ட் இட்'ஸ் டூ லேட் டு சேஞ்ச் த டேட்.' கேட்பவர் இல்லாத அறையில் ஒரு கேட்பவரை உண்டாக்குகிற வரி இது. மனப்பாடப் பதிலில் இப்படி ஒரு வரி வரவே வராது. ஆனால் ஒருமுறை போதும். இரண்டு மூன்று முறை செய்தால் நாடகமாகிவிடும், நேரமும் விரயம்.

பிறகு இருபது வினாடி தீர்வு: என் தம்பி சனிக்கிழமை காலை சும்மாதான் இருக்கிறான், அவனிடம் வேன் இருக்கிறது, சோபா தூக்க என்னைவிட அவன்தான் சரியான ஆள், நான் ஞாயிறு காலை வந்து கட்டிலையும் அலமாரியையும் பூட்டித் தருகிறேன். கடைசி எட்டு வினாடியில் முடிப்பு: 'திங்க் அபவுட் இட் அண்ட் டெக்ஸ்ட் மீ டுநைட், ஓகே? அண்ட் ஐ'ம் ரியலி ஸாரி, மேன்.' மொத்தம் 58 வினாடி.

இதே சூழலில் மேலாளரிடம் பேசுவதாக எடுத்திருந்தால் 'ஹே' போய் 'ஹாய்' வரும், 'காட் அ மினிட்' என்பது 'டூ யூ ஹாவ் அ மொமென்ட்' ஆகும், மறுப்பு நேரடியாக வராமல் 'ஐ'ம் அஃப்ரெய்ட்' என்று மெதுவாகத் தொடங்கும். 'மேன்' அறவே கிடையாது. தொனி என்பது இவ்வளவுதான். இலக்கண நூலில் தேட வேண்டியதில்லை, யாரிடம் பேசுகிறோம் என்பது தெளிவாக இருந்தால் தானாக வரும்.

மற்றப் பணிகளில் இதே வழி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதில் கேட்பவருக்குப் படம் தெரியாது, எனவே இது எந்த இடம் என்று முதலில் ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஒரு மூலையிலிருந்து தொடங்கி வரிசையாக நகருங்கள். அங்கும் இங்கும் தாவினால் போனில் கேட்பவர் தொலைந்துபோவார். நான்காவதிலும் அதே படம்தான் வரும். அங்கே பலர் 'வில், வில்' என்று ஏழெட்டு முறை சொல்லி முடிப்பார்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கிற மனிதர் 'லுக்ஸ் லைக் ஹீ'ஸ் அபவுட் டு', 'ஐ வுட்ன்ட் பி சர்ப்ரைஸ்ட் இஃப்' என்று மாற்றி மாற்றிப் பேசுவார். ஏழாவதில் 90 வினாடி இருப்பதால் கட்டுரை படிக்கும் ஆசை வரும். சக ஊழியர் மதிய உணவு மேசையில் கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள்: நிலைப்பாடு, ஒரு காரணம், அதற்கு ஒரு நிஜமான உதாரணம், இன்னொரு காரணம். இரண்டு காரணத்தை நன்றாக விரித்தாலே 90 வினாடி போய்விடும். ஐந்து காரணத்தை அடுக்குவது பட்டியலாகத்தான் கேட்கும்.

இனி குரல். இங்கேதான் தமிழ் பேசுகிறவர்களுக்கென்று தனியாகச் சில விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் ஆங்கிலத்தில் தமிழ் வாடை இருப்பது ஒரு குறையே அல்ல, அதை மறைக்கக் கனடியக் குரலைப் போலி செய்வது நிச்சயமாகக் கெடுக்கும். கேட்பவர் ஒரு சொல்லைப் பிடிக்க நின்று யோசிக்க வேண்டியிருந்தால்தான் அது குறை.

தமிழில் ஒரு சொல்லுக்கு அழுத்தம் தர நமக்கு 'தான்' இருக்கிறது, 'ஏ' இருக்கிறது, 'உம்' இருக்கிறது. 'நான்தான் வெள்ளிக்கிழமை சொன்னேன்', 'நான் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன்'. அழுத்தத்தைச் சொல்லின் வாலில் ஒட்டிவிடுவதால் குரல் சும்மா இருக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. 'ஐ டோல்ட் யூ ஆன் ஃப்ரைடே' என்ற அதே ஐந்து சொல்லில், 'ஐ'யைத் தூக்கி நீட்டினால் முதல் பொருள், 'ஃப்ரைடே'யைத் தூக்கி நீட்டினால் இரண்டாவது பொருள். நாம் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் சொல்லும்போது ஆங்கிலக் காதுக்கு எது முக்கியம் என்றே தெரிவதில்லை. 'தட்டையாக இருக்கிறது', 'ரோபோ மாதிரி இருக்கிறது' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். பயிற்சி எளிது: உங்கள் வாக்கியத்தைத் தமிழில் நினைத்துப் பாருங்கள், எங்கே 'தான்' போடுவீர்களோ அந்த ஆங்கிலச் சொல்லைச் சற்று உயர்த்தி, சற்று நீட்டுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும்.

ஒரு சொல் உயர வேண்டுமானால் மற்றவை தாழ வேண்டும். 'டு', 'ஃபார்', 'ஆஃப்', 'அண்ட்', 'கேன்' ஆகிய சின்னச் சொற்களை ஆங்கிலத்தில் பாதி விழுங்கித்தான் பேசுவார்கள். இவற்றில் 'கேன்' ஆபத்தானது. வட அமெரிக்கப் பேச்சில் 'கான்ட்' என்பதன் கடைசி 'ட்' பெரும்பாலும் வெடிக்காமல் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் அங்குள்ள காது, உயிரெழுத்து முழுதாக ஒலித்தால் 'முடியாது' என்றும், விழுங்கப்பட்டால் 'முடியும்' என்றும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் 'ஐ கேன் கம்' என்பதை ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னால் வர முடியாது என்று புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. 'ஐ க்ன் கம்' என்று எடையை 'கம்' மீது போடுங்கள். முடியாது என்றால் 'கான்ட்' மீது போடுங்கள். மார்க்கிடம் பேசும் பணியில் இந்த ஒரு சொல் பதிலையே தலைகீழாக்கும்.

அடுத்தது வாலில் வரும் உகரம். 'ஹெல்ப்பு', 'வொர்க்கு', 'புக்கு' என்று மெய்யில் முடியும் சொல்லுக்கு நம் நாக்கு ஒரு உகரத்தைச் சேர்த்துவிடும். வேகமாகப் பேசும்போது இது இன்னும் அதிகமாகும். 'உகரம் போடாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் வராது, பேச்சு தடைபடும். அதற்குப் பதில் அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மெய்யை அதனோடு சேர்த்துவிடுங்கள். 'வொர்க் ஆன்' என்பது 'வொர்க்கான்' ஆகும், 'ஹெல்ப் அஸ்' என்பது 'ஹெல்ப்பஸ்' ஆகும். உகரத்துக்கு இடமே இல்லாமல் போய்விடும், ஓட்டமும் கிடைக்கும். இறந்தகாலத்தையும் இங்கேயே கவனியுங்கள்: 'புக்ட்', 'ஹெல்ப்ட்' என்பவை ஒரே அசை. 'புக்கெட்' என்று இரண்டாக்கினால் வாளியாகிவிடும்.

நிறுத்தம் எங்கே விழுகிறது என்பதும் தமிழைக் காட்டிக்கொடுக்கும். தமிழில் 'ஏனென்றால்' என்று சொல்லிவிட்டு நின்று யோசிப்போம். அதே பழக்கத்தில் 'பிகாஸ்' என்று சொல்லிவிட்டு நிற்கிறோம். ஆங்கிலத்தில் நிறுத்தம் 'பிகாஸ்'க்கு முன்னால் வரும், அதன் பின் நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். 'பட்', 'ஸோ' ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். யோசிக்க நேரம் வேண்டுமானால் முந்தைய வாக்கியத்தின் முடிவில் எடுத்துக்கொள்ளுங்கள். செல்பிப்பில் ஒரு வினாடி மௌனம் எதையும் மூடிவிடாது. வாக்கியம் முடிந்த இடத்தில் விழும் மௌனம் நிதானமாகக் கேட்கும். நடுவில் விழுந்தால் திணறலாகக் கேட்கும்.

'ம்', 'யூ நோ', 'வெல்' எல்லாம் அறவே கூடாது என்று சொல்லித்தருவதை நம்ப வேண்டாம். யாரும் அவை இல்லாமல் பேசுவதில்லை. நிமிடத்துக்கு மூன்று நான்கு வந்தால் காதில் உறுத்தாது. ஒரே ஒலி ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் உட்காருவதுதான் பிரச்சினை. தவறாகச் சொல்லிவிட்டால், சொல்லை மட்டும் திருத்திக்கொண்டு நகருங்கள்: 'ஹீ கோ... ஹீ வென்ட் ஹோம்'. 'ஸாரி' சொல்லி வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து எடுப்பது தேர்வாளர் எதிரே இருப்பதாக நினைக்கும் பழக்கம். பதிலின் கடைசியில் 'தட்ஸ் ஆல், தேங்க் யூ' என்று சொல்வதும் அப்படியே. மார்க்கிடம் யாரும் அப்படி முடிக்க மாட்டார்கள்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. நிதானமான ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்கு சுமார் 130 முதல் 150 சொல். அதாவது 60 வினாடிப் பதில் பத்துப் பன்னிரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும். உங்கள் பதிவை எழுதிப் பார்த்தால் 180 தாண்டுகிறதா? நீங்கள் டைமரைத் துரத்துகிறீர்கள். 100க்குக் கீழே என்றால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். டைமரை இரண்டே முறை பாருங்கள், பாதியில் ஒருமுறை, சுமார் பத்து வினாடி மீதி இருக்கும்போது ஒருமுறை. இரண்டாவது முறை பார்த்ததும், எந்த இடத்தில் இருந்தாலும், முடிப்பு வாக்கியத்துக்குப் போய்விடுங்கள். நேரம் முடிந்தால் பதிவு நின்று அடுத்த பணி வந்துவிடும், திரும்பிப் பேச முடியாது.

தேர்வு அறை வீட்டு மேசையைப்போல இருக்காது. நான்கு பகுதிகளும் ஒரே அமர்வில், மொத்தம் சுமார் மூன்று மணி நேரம். கேட்டல், வாசிப்பு, எழுத்து முடிந்த பிறகுதான் பேச்சு. இரண்டரை மணி நேரம் வாயே திறக்காத தொண்டையோடு முதல் பணிக்குப் போகிறீர்கள், கூடவே பக்கத்து மேசைகளில் இருப்பவர்களும் அதே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். இதில் இரண்டு தவறு நடக்கும். சத்தத்தை மிஞ்சக் கத்துவார்கள், அல்லது பக்கத்தில் கேட்குமே என்று முனகுவார்கள். கத்தினால் ஏற்ற இறக்கம் போய்விடும், முனகினால் சொல்லின் வால்கள் பதிவில் காணாமல் போகும். மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் பேசும் அளவு போதும். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல், உதட்டோரத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் எதிரே இருந்தால் 'ப', 'ஃப' ஒலிகளில் மூச்சு அடித்துப் பதிவு வெடிக்கும். முதல் பணிக்கு முன்னால் மதிப்பெண் இல்லாத ஒரு பயிற்சிப் பணி வரும். அதில் பெரும்பாலானவர்கள் இரண்டு வரி பேசிவிட்டுக் காத்திருப்பார்கள். முழு நேரமும் பேசுங்கள், தொண்டை திறப்பதற்கும் மார்க்கை எதிரே உட்காரவைப்பதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

வீட்டுப் பயிற்சியை இப்படி அமையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பணி மட்டும். செல்பிப்பின் இணையதளத்தில் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, முதல் கேள்விகளை அங்கிருந்தே எடுங்கள். தயாரிப்பு நேரத்தையும் பேச்சு நேரத்தையும் கறாராக வைத்து, பக்கத்தில் டிவியோ வானொலியோ பேச்சு நிகழ்ச்சியோடு ஓடவிட்டு, போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள். என்ன சொல்ல நினைத்தோம் என்பது நினைவில் இருக்கும்வரை காது பிழையை மூடிவிடும். மறுநாள் கேளுங்கள். கேட்டு, பேசியதை 'ம்' உட்பட அப்படியே எழுதுங்கள். எழுதியதில் மூன்று குறி போடுங்கள்: நிறுத்தம் விழுந்த இடத்தில் ஒரு சாய்கோடு, குரல் உயர்ந்த சொல்லுக்கு அடிக்கோடு, மார்க்கைத் தவிர வேறு யாரிடமோ பேசிய வாக்கியத்துக்கு ஒரு வட்டம்.

சாய்கோடுகள் 'பிகாஸ்', 'த', 'டு' ஆகியவற்றுக்குப் பின்னால் விழுந்திருக்கும். அடிக்கோடு நான்கு வாக்கியத்துக்கு ஒன்றுகூட இருக்காது. வட்டங்கள் முதல் வரியிலும் கடைசி வரியிலும் கூடியிருக்கும். இவற்றைத் திருத்த, அதே பதிலை மூன்று முறை பேசுங்கள்: முதலில் 90 வினாடியில், பிறகு 75இல், பிறகு 60இல். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும், துண்டுக் குறிப்பு மட்டும் அதுவே இருக்கட்டும். நேரம் குறையக் குறைய தேவையில்லாத முன்னுரை தானாக உதிரும். ஆனால் 60 வினாடிப் பதிவு மூச்சு வாங்குவதுபோல இருந்தால் உள்ளடக்கம் அதிகம் என்று பொருள், ஒரு துண்டை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது பதிவை, கேள்வி என்ன என்று சொல்லாமல் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். 'இது யார் யாரிடம் பேசுவது, அவர்களுக்குள் என்ன உறவு?' என்று மட்டும் கேளுங்கள். நண்பனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று உடனே சொல்லிவிட்டால் தொனி வந்துவிட்டது. 'ஏதோ தேர்வுக்குப் பேசுகிற மாதிரி இருக்கிறது' என்றால், எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று கேட்டு அந்த வரியில் வட்டம் போடுங்கள். எட்டுப் பணிகளையும் இப்படி ஒரு சுற்று முடிக்க, நாளுக்கு முக்கால் மணி நேரம் வைத்தால் இரண்டு வாரம் ஆகும். அடுத்த தேர்வுத் தேதியைப் பதிவு செய்வதற்கு முன் இரண்டு சுற்றாவது போய்விடுங்கள். தனியாக விண்ணப்பிப்பவருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஸ்பீக்கிங் எட்டுக்கு 23 புள்ளி, ஒன்பதுக்கு 31. நான்கிலும் ஒன்பது வந்தால் படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேரும் கூடுதல் புள்ளிகளும் உயரும். அவசரப்பட்டு அடுத்த மாதமே திரும்பப் போய் அதே எட்டை வாங்கிவருவதைவிட அந்த நான்கு வாரம் பயனுள்ளது.